கண்டறியப்பட்டது

இருபத்து நான்கு மணி நேரம் கண் மூடாமல் இருந்த பேத்தி, அடுத்த பத்து மணி நேரம் அடித்துப் போட்டதுபோல் தூங்கி எழுந்து, தலைகூட வாராமல் என் கட்டிலில் வந்து உட்கார்ந்தாள். கையில் போன். "தாத்தா, நாங்க ஜெயிச்சதைப் பத்தி ஒரு பதிவு போடணும். எழுதிட்டேன். தப்பு இருந்தா சொல்லுங்க" என்றாள்.

ஹேக்கத்தான் என்று ஒரு போட்டி. மாணவர்கள் நான்கைந்து பேராகச் சேர்ந்து, ஒரு நாளோ ஒன்றரை நாளோ ஒரே கூடத்தில் அடைந்து கிடந்து, ஏதாவது ஒரு பிரச்சினைக்கு வழி கண்டு, ஓடுகிற ஒரு மாதிரியைச் செய்து காட்ட வேண்டும். பேத்தியின் குழுவில் நால்வர். கல்லூரியில் நடந்த போட்டியில் முதல் பரிசு.

கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு படித்தேன். இப்படி இருந்தது:

"தண்ணீர் மேலாண்மைக்கான அதிநவீன ஸ்மார்ட் தீர்வு ஒன்றை உருவாக்கி முதல் பரிசு வென்றதில் பெருமகிழ்ச்சி. ஐஓடி தொழில்நுட்பத்தின் உதவியுடன் நிகழ்நேரக் கண்காணிப்பு சாத்தியமாக்கப்பட்டது. மீடியன் ஃபில்டரிங் முறையில் துல்லியம் உறுதிசெய்யப்பட்டது. இதன்மூலம் 40 சதவீதம் தண்ணீர் வீணாவது தடுக்கப்படும். என் அருமையான குழுவுக்கு நன்றி. அவர்கள் இல்லாமல் இது நடந்திருக்காது."

எழுத்துப் பிழை ஒன்றுமில்லை. "நல்லா இருக்கு கண்ணு. ஆனா நீங்க என்னதான் செஞ்சீங்க?" என்று கேட்டேன்.

"அதான் எழுதியிருக்கேனே."

"இதுல இல்லையே."

கொஞ்சம் முகம் சுருங்கியது. அவள் அம்மா காபி கொண்டுவந்து வைத்தாள். குடித்துக்கொண்டே பேத்தி சொல்ல ஆரம்பித்தாள். குழுவில் ஒரு பையனின் அப்பா ஊராட்சியில் டேங்க் ஆபரேட்டர். விடியற்காலையில் மோட்டார் போட வேண்டும். தொட்டி எவ்வளவு நிறைந்திருக்கிறது என்று பார்க்க நாற்பதடி இரும்பு ஏணியில் ஏற வேண்டும். மட்டம் காட்டும் மிதவை துருப்பிடித்து நின்று பல வருடம் ஆகிறது. மழை நாளில் ஏணி வழுக்கும். ஏறாமல் இருந்தால், வழியும் குழாயில் தண்ணீர் கொட்டுகிற சத்தம் கேட்டுத்தான் தொட்டி நிறைந்தது தெரியும். சத்தம் கேட்டு மோட்டாரை நிறுத்தப் போவதற்குள் எத்தனையோ குடம் தரையில் போய்விடும்.

"அதனால ஏறாமலே தெரிஞ்சுக்கற மாதிரி ஒரு பெட்டி செஞ்சோம் தாத்தா."

"இதை எழுதியிருக்கலாமே" என்றேன்.

"இது ரொம்பச் சாதாரணமா இருக்கும்" என்றாள்.

நான் முப்பத்திரண்டு வருடம் குடிநீர்க் குழாய்களோடு காலம் தள்ளியவன். தொட்டியில் தண்ணீர் இருக்கிறதா என்று ஏறிப் பார்ப்பது சாதாரண விஷயமா இல்லையா என்று எனக்குத் தெரியும். வாக்குவாதம் செய்யவில்லை. பெட்டி எப்படி வேலை செய்கிறது என்று மட்டும் கேட்டேன்.

கிணற்றுக்குள் குனிந்து கூப்பிட்டால் குரல் திரும்பி வருமல்லவா, அதேதான். தொட்டியின் மூடிக்குக் கீழே இரண்டு வட்டக் கண் கொண்ட ஒரு சின்னச் சென்சார். HC-SR04 என்று கேட்டால் எலெக்ட்ரானிக்ஸ் கடையில் எடுத்துக் கொடுப்பார்கள். ஒரு கண் நம் காதுக்குக் கேட்காத ஒலியைத் தண்ணீரை நோக்கி அனுப்பும். மற்றொரு கண் திரும்பி வரும் ஒலிக்காகக் காத்திருக்கும். காற்றில் ஒலி நொடிக்குச் சுமார் 343 மீட்டர் போகும். தண்ணீர் இரண்டு மீட்டர் கீழே இருந்தால் போக இரண்டு, வர இரண்டு, ஆக நான்கு மீட்டர். அதற்கு ஆகும் நேரம் நொடியில் நூறில் ஒரு பங்கைவிடக் கொஞ்சம் அதிகம். அந்த நேரத்தை அளந்தால் தண்ணீர் எவ்வளவு கீழே இருக்கிறது என்று கணக்குப் போட்டுவிடலாம். தொட்டியின் ஆழத்திலிருந்து அதைக் கழித்தால் மிச்சம் தண்ணீர்.

இதைச் சொல்லும்போது அவள் ஒரு கடினமான சொல்லைக்கூடப் பயன்படுத்தவில்லை என்பதைக் கவனித்தேன். எழுதத் தொடங்கும்போது மட்டும் ஏன் இந்தப் பிள்ளைகள் கோட்டு சூட்டு மாட்டிக்கொள்கிறார்கள்? நாங்களும் அப்படித்தான் இருந்தோம். எங்கள் காலத்துக் கோட்டு வேறு துணியில் தைத்தது, அவ்வளவுதான்.

"அந்த மீடியன் என்ன?" என்று கேட்டேன்.

இங்கேதான் கதை சூடு பிடித்தது. நிஜத் தொட்டி கூடத்துக்குள் வராது. அதனால் ஒரு 200 லிட்டர் பிளாஸ்டிக் டிரம்மில் தண்ணீர் பிடித்துச் சோதித்திருக்கிறார்கள். தண்ணீர் அசையாமல் இருக்கும்வரை அளவு ஒழுங்காக வந்தது. டிரம்மை நிரப்ப ஹோஸைத் திறந்ததும் எண்கள் குதிக்க ஆரம்பித்தன. மேலிருந்து விழும் தண்ணீரிலும் தெறிப்பிலும் ஒலி பட்டு, மட்டம் வரை போகாமல் நடுவழியிலேயே திரும்பிவிடுகிறது. கருவிக்கோ தண்ணீர் பக்கத்திலேயே இருப்பதாகத் தோன்றும். அதாவது, பாதித் தொட்டியை முக்கால் தொட்டி என்று சொல்லும். மோட்டார் ஓடும்போதுதான் இந்தக் கருவி வேண்டும். அப்போதுதான் இது பொய் சொல்கிறது.

குழுவில் ஒரு பெண். சாயங்காலத்திலிருந்தே டிரம் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, மர ஸ்கேலால் ஒரு அளவும் கருவி காட்டும் ஒரு அளவும் மாறி மாறி நோட்டில் எழுதிக்கொண்டிருந்தாள். அந்த நோட்டின் படம் பேத்தியின் போனில் இருந்தது. ஸ்கேலில் 57 சென்டிமீட்டர். கருவியில் ஒன்றன்பின் ஒன்றாக 57, 58, 31, 57, 30.

பேத்தி முதலில் சராசரி எடுக்க நிரல் எழுதியிருக்கிறாள். ஐந்தையும் கூட்டினால் 233, ஐந்தால் வகுத்தால் 46.6. ஸ்கேல் 57 காட்டுகிறது, சராசரி 46.6 என்கிறது. ஐந்து அளவில் ஒன்றுகூட அந்த எண்ணுக்குப் பக்கத்தில் இல்லை. தண்ணீரும் அங்கே இல்லை, விழும் தாரையும் அங்கே இல்லை. ராத்திரி மூன்று மணிக்கு இதில் முட்டிக்கொண்டு நின்றிருக்கிறார்கள். பத்து அளவு எடுத்துப் பார்த்தும் அதே கதை.

"அப்புறம் என்ன பண்ணினே?"

"அப்புறம்... அவதான் சொன்னா. 'கூட்டாதே, சின்னதிலிருந்து பெருசா வரிசையா வெச்சு நடுவுல நிக்கறதை எடு'ன்னு." வரிசையில் வைத்தால் 30, 31, 57, 57, 58. நடுவில் நிற்பது 57. இரண்டு அளவு பொய்யானாலும் நடுவில் இருப்பது அசையாது. ஐந்தில் மூன்று பொய்யானால் இதுவும் கவிழும். அதனால் ஹோஸை டிரம்மின் ஒரு ஓரத்துக்கும் சென்சாரை எதிர் ஓரத்துக்கும் தள்ளியிருக்கிறார்கள்.

பேத்தி சொல்லி முடித்துவிட்டு என் முகத்தைப் பார்த்தாள். நான் அவள் போனைப் பார்த்துக்கொண்டிருந்தேன். "மீடியன் ஃபில்டரிங் முறையில் துல்லியம் உறுதிசெய்யப்பட்டது."

"யாரால?" என்று கேட்டேன்.

கொஞ்ச நேரம் பேசவில்லை. "நிரல் எழுதினது நான்தான் தாத்தா" என்றாள் மெதுவாக. பொய்யில்லை. எழுதியது அவள்தான்.

அப்போது நான் அவளிடம் சொன்ன கதையை இங்கேயும் சொல்லிவிடுகிறேன். வீட்டில் அதுவரை யாருக்கும் சொன்னதில்லை.

வேலைக்குச் சேர்ந்து இரண்டாம் வருடம். ஒரு கிராமத்துக்கு ஆற்றோரக் கிணற்றிலிருந்து மூன்று கிலோமீட்டர் குழாய் போட்டுத் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றிக்கொண்டிருந்தோம். ஒரு நாள் தொட்டிக்கு வரும் தண்ணீர் பாதியாகக் குறைந்துவிட்டது. மோட்டார் நன்றாக ஓடுகிறது. அழுத்தமானியோ வழக்கத்தைவிட அதிகம் காட்டுகிறது. குழாய் எங்கோ உடைந்திருக்கிறது என்று நான் முடிவு கட்டினேன். படித்த படிப்பை ஒழுங்காக நினைத்துப் பார்த்திருந்தால், உடைந்த குழாயில் அழுத்தம் இறங்க வேண்டும், ஏறக் கூடாது என்று தெரிந்திருக்கும். இளம் ரத்தம். ஆட்களை வைத்து இரண்டு நாள் தோண்ட வைத்தேன். ஈரம்கூடத் தட்டுப்படவில்லை.

எங்களிடம் ஒரு ஃபிட்டர் இருந்தார். ஐம்பது வயதுக்கு மேல். கையெழுத்து மட்டும் போடுவார். இரண்டாம் நாள் மாலை பக்கத்தில் வந்து, "சார், தோண்ட வேண்டாமுங்க. ஓடைப் பாலத்துக்கிட்ட மேட்டுல காத்து அடைச்சிருக்குதுங்க" என்றார். குழாய் அந்த இடத்தில் மேடேறி இறங்குகிறது. தண்ணீரோடு வரும் காற்று அந்த மேட்டின் உச்சியில் சேர்ந்து தங்கிவிட்டால், தண்ணீர் போக இடம் குறுகிவிடும். மோட்டார் தள்ளிக்கொண்டே இருக்கும், அழுத்தம் ஏறும், தண்ணீர் குறையும். காற்றை வெளியே விடும் வால்வு அங்கே வைத்திருக்க வேண்டும். வைக்கவில்லை. ஃபிட்டர் மேட்டிலிருந்த இணைப்பின் போல்ட்டைக் கொஞ்சம் தளர்த்தினார். புஸ்ஸென்று காற்று போக ஆரம்பித்தது. நிற்கவே இல்லை. அவர் ஒரு பீடி பிடித்து முடிக்கும்வரை போயிற்று. பிறகு காற்றும் தண்ணீருமாகத் துப்பி, கடைசியில் வெறும் தண்ணீர். அன்று ராத்திரி தொட்டி நிறைந்தது.

நான் அறிக்கை எழுதினேன். "நேரடிக் கள ஆய்வின்போது மேட்டுப் பகுதியில் காற்றடைப்பு இருப்பது கண்டறியப்பட்டு, உடனடியாகச் சரிசெய்யப்பட்டது." மேலதிகாரி என்னைக் கூப்பிட்டுப் பாராட்டினார். சின்ன வயதில் நல்ல கூர்மை என்றார். ஃபிட்டர் வாசலில் நின்றுகொண்டிருந்தார். நான் பொய் எழுதவில்லை. கண்டறியப்பட்டது உண்மை. சரிசெய்யப்பட்டது உண்மை. யார் என்று கேட்க யாருக்கும் தோன்றவில்லை, நானாகச் சொல்லவுமில்லை.

தமிழில் இந்த "பட்டது" ஒரு வசதியான போர்வை. "கண்டுபிடித்தார்" என்று எழுதினால் யார் என்று ஓர் ஆள் வந்து முன்னால் நின்றாக வேண்டும். "கண்டறியப்பட்டது" என்று எழுதிவிட்டால் ஆளே வேண்டாம். வேலை தானாக நடந்துவிட்ட மாதிரி இருக்கும். கீழே கையெழுத்து போட்டவன் பெயர் மட்டும் மிஞ்சும். அரசாங்க அறிக்கைகளில் இந்தச் சொல் எத்தனை ஃபிட்டர்களை விழுங்கியிருக்கும் என்று ஓய்வு பெற்ற பிறகு பல நாள் யோசித்திருக்கிறேன்.

அவர் என்னிடம் கோபித்துக்கொள்ளவில்லை. மரியாதையாகத்தான் நடந்துகொண்டார். ஒரே ஒரு வித்தியாசம். அதற்குப் பிறகு எங்கேயாவது சிக்கல் வந்து, "என்னங்க நினைக்கிறீங்க?" என்று நான் கேட்டால், "நீங்களே பார்த்துச் சொல்லுங்க சார்" என்பார். மூன்று வருடம் ஒன்றாக வேலை பார்த்தோம். அந்த மூன்று வருடத்தில் நான் தேவையில்லாமல் தோண்டிய பள்ளங்களுக்குக் கணக்கு இல்லை. எந்தப் பள்ளத்தின் ஓரத்திலும் அவர் நின்றிருப்பார், ஒன்றும் சொல்ல மாட்டார்.

பேத்தி போனை வாங்கிக்கொண்டாள். பதிவை முழுதாக அழித்துவிட்டுத் திரும்ப எழுதப் போனவள், பாதியில் நின்றாள். "தாத்தா, 40 சதவீதம்?"

"அது எங்கேயிருந்து வந்துச்சு?"

"சும்மா... ஏதாவது ஒரு எண் இருந்தா நல்லா இருக்கும்னு."

எடுத்துவிடச் சொன்னேன். எண் வேண்டுமென்றால், நோட்டில் அறுபது இருக்கிறதே. அந்தப் பெண் அன்று எடுத்த அளவுகள் அறுபது.

இன்னொன்றும் அவளே சொன்னாள். நடுவர்களில் ஒருவர், "வெயில் நேரத்தில் அளவு மாறாதா?" என்று கேட்டிருக்கிறார். நால்வரும் முழித்திருக்கிறார்கள். ஒலி சூடான காற்றில் வேகமாகப் போகும். 343 என்பது 20 டிகிரிக் கணக்கு. நம் ஊரில் தொட்டிக்குள் இருக்கும் காற்று மதியம் 35 டிகிரி இருந்தால் வேகம் 352 ஆகிவிடும். நானும் அவளும் பழைய காலண்டர் தாளின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டோம். இரண்டு மீட்டர் கீழே இருக்கும் தண்ணீரைக் கருவி ஐந்து சென்டிமீட்டர் மேலே இருப்பதாகக் காட்டும். ஊராட்சித் தொட்டி 30,000 லிட்டர், மூன்று மீட்டர் ஆழம் என்று வையுங்கள். அதில் ஐந்து சென்டிமீட்டர் என்றால் 500 லிட்டர். பதினைந்து லிட்டர் குடத்துக்கு முப்பத்து மூன்று குடம். ஒரு தெருவில் சண்டை மூட்ட அது போதும். வெப்பத்தையும் சேர்த்து அளந்து திருத்திக்கொள்ளலாம், அதற்குச் சின்னச் சென்சார் கிடைக்கிறது. ஆனால் இன்னும் செய்யவில்லை. செய்யவில்லை என்று எழுதிவிடு என்றேன். "ஜெயிச்ச பதிவுல குறையை யாராவது எழுதுவாங்களா தாத்தா?" என்றாள். எழுதினால் உதை விழாது என்றேன்.

அரை மணி நேரம் கழித்து அவள் போட்ட பதிவு இது. பிள்ளைகளின் பெயர்கள் அவளுடைய பதிவில் இருக்கின்றன. இங்கே பெயருக்குப் பதில் ஆளை மட்டும் குறிக்கிறேன்.

"எங்கள் கல்லூரியில் நடந்த 24 மணி நேரப் போட்டியில் நாங்கள் நான்கு பேர் முதல் பரிசு வாங்கினோம். ஊர்த் தொட்டியில் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்று, ஏணியில் ஏறாமல் போனிலேயே பார்க்க ஒரு பெட்டி செய்திருக்கிறோம். பெட்டி தண்ணீரை நோக்கி ஒலி அனுப்பும். அது திரும்பி வர ஆகும் நேரத்தை வைத்து மட்டத்தைக் கணக்கிடும்.

இப்படி ஒன்று வேண்டும் என்று எங்களுக்குச் சொன்னவர் எங்கள் நண்பனின் அப்பா. டேங்க் ஆபரேட்டர். இரவு பதினொரு மணிக்கு அரை மணி நேரம் போனில் பேசினார். 'எனக்கு சென்டிமீட்டர் எதுக்கு? முக்கால், அரை, கால்னு காட்டு. நிறைஞ்சா மணி அடி, போதும்' என்றார். அவர் சொன்னபடி போன் திரையை அமைத்தவன் அவர் மகன்.

கம்பி வேலை முழுக்க எங்கள் இன்னொரு நண்பன். சென்சாரிலிருந்து 5 வோல்ட் வருகிறது, எங்கள் ESP32 பலகை 3.3 வோல்ட்தான் தாங்கும் என்று கவனித்து, இணைக்கப் போன என் கையைப் பிடித்து நிறுத்தி, நடுவில் இரண்டு ரெசிஸ்டர் போட்டான். இல்லாவிட்டால் பலகை போயிருக்கும்.

டிரம் பக்கத்தில் உட்கார்ந்து 60 அளவுகள் எடுத்தவள் எங்கள் தோழி. ஹோஸ் திறந்திருக்கும்போது அளவு தவறுகிறது என்று கண்டுபிடித்தவள் அவள். ஐந்து அளவை வரிசையாக வைத்து நடுவில் நிற்பதை எடுக்கலாம் என்று சொன்னவளும் அவள்தான். அதை நிரலாக எழுதியது நான். மேடையில் பேசியதும் நான். போனில் வரும் கோட்டுப் படத்தை நாங்கள் எழுதவில்லை, Chart.js என்று யாரும் இலவசமாக எடுத்துக்கொள்ளும்படி வைத்திருக்கிறார்கள், அதைப் பயன்படுத்தினோம்.

இதுவரை 200 லிட்டர் டிரம்மில் மட்டும் பார்த்திருக்கிறோம். நிஜத் தொட்டியில் வைத்ததில்லை. மதிய வெயிலில் அளவு சில சென்டிமீட்டர் தவறும், அதை இன்னும் சரிசெய்யவில்லை. கல்லூரி வைஃபையில்தான் ஓடியது, தொட்டி இருக்கும் இடத்தில் வைஃபை கிடையாது."

முதலில் எழுதியதைவிட நான்கு மடங்கு நீளம். பேத்திக்கு அதில் கொஞ்சம் வருத்தம். யார் இவ்வளவு படிப்பார்கள் என்றாள். எனக்கு ஓரிடத்தில் மட்டும் குறை தோன்றியது. "நாங்கள் நான்கு பேர்" என்று தொடங்கியவள், பரிசுப் படங்களில், நடுவில் தான் கோப்பையோடு நிற்கிற படத்தைத்தான் போட்டிருந்தாள். ஸ்டூல்காரி ஓரத்தில் பாதி வெட்டுப்பட்டிருந்தாள். சொல்லலாமா என்று யோசித்து விட்டுவிட்டேன். மதியம் பார்த்தபோது படம் மாறியிருந்தது. டிரம், ஸ்டூல், நோட்டின் மேல் குனிந்திருக்கும் தலை. முகமே தெரியவில்லை. அது நல்ல படம்.

மறுநாள் ராத்திரி டேங்க் ஆபரேட்டர் மகனுக்கு ஒரு குரல் செய்தி அனுப்பியிருந்தார். பேத்தி எனக்கும் போட்டுக் காட்டினாள். பின்னணியில் மோட்டார் ஓடுகிற சத்தம்.

"தம்பி, அந்தப் புள்ளை எழுதினதைப் படிச்சேன். எல்லாம் வெளங்குச்சு. ஒண்ணு மட்டும் கேக்கணும். டேங்க் மூடிக்கு அடியில விடியக்காலம் வேர்த்துச் சொட்டுமப்பா. மூடியைத் திறந்தா மழை பேஞ்ச மாதிரி கை நனையும். உங்க பெட்டியை அங்கதான மாட்டணும்? ரெண்டு கண்ணு இருக்குன்னீங்க, அது நனைஞ்சா பேசுமா?"

நால்வரும் அதுவரை யோசிக்காத விஷயம். கூடத்தில் இருந்த டிரம்முக்கு மூடியே இல்லை. நனையாத மாதிரி ஒரு சென்சார் வேறு இருக்கிறது, ஆனால் அது இருபது, இருபத்தைந்து சென்டிமீட்டருக்குள் இருக்கும் தண்ணீரைப் பார்க்காது. தொட்டி நிறைகிற நேரத்தில் குருடாகிவிடும், அதனால் உயரத் தூக்கி மாட்ட வேண்டும். பேத்தியும் நானும் அதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோதே போன் ஒலித்தது. ஸ்டூல்காரிதான். டிரம்மைத் தன் வீட்டு மொட்டை மாடிக்குக் கொண்டுபோய் மூடி போட்டு வைக்கப் போகிறாளாம்.

மூன்றாம் நாள் காலை நோட்டின் புதுப் பக்கம் படமாக வந்தது. முன்பு மூன்று பத்திதான் இருந்தது: நேரம், ஸ்கேல், கருவி. இப்போது ஸ்கேலால் நான்காவதாக ஒரு கோடு போட்டு மேலே "யார் சொன்னது" என்று எழுதியிருந்தாள். முதல் வரியில் காலை 5.40, ஸ்கேல் 41, கருவிக்கு நேரே ஒரு கேள்விக்குறி, கடைசிப் பத்தியில் டேங்க் ஆபரேட்டரின் பெயர், முழுப் பெயர், தலைப்பெழுத்தோடு.